பயண முற்பணப் படிவம்: யார் எதற்குக் கையெழுத்து வைக்கிறார் என்பதை எழுதி வையுங்கள்

கேள்வி: "அண்ணை, நான் புதுக்குடியிருப்பில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். தலைமை அலுவலகம் கிளிநொச்சியில். எல்லாமாக 22 பேர். பயண முற்பணத்துக்கு இதுவரை வெறும் கடிதம்தான் கொடுத்து வந்தோம். இப்போது யார் எவ்வளவு வரைக்கும் அனுமதிக்கலாம் என்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படிவம் செய்யச் சொல்கிறார்கள். எப்படி அமைப்பது, வசனங்களை எப்படி எழுதுவது?"

பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில் படிவம் இருந்தது. அடியில் மூன்று கட்டங்கள்: 'சிபாரிசு', 'கணக்குப் பகுதி', 'அங்கீகாரம்'. ஒவ்வொன்றிலும் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு கையெழுத்து. ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் கொழும்புக்குப் போக முற்பணம் எடுத்தார். அதற்கு முதல் எடுத்த முற்பணமே தீர்க்கப்படாமல் கிடந்தது. கணக்காய்வுக்கு வந்தவர்கள் கேட்டபோது மேற்பார்வையாளர், "பயணம் தேவை என்றுதான் நான் கையெழுத்து வைத்தேன்" என்றார். கணக்காளர், "கூட்டல் சரியா என்றுதான் பார்த்தேன்" என்றார். பணிப்பாளரோ, "மேலே இரண்டு பேர் வைத்திருந்தார்கள், அதனால் வைத்தேன்" என்றார். மூவரும் சொன்னது உண்மைதான். கடைசியில் அந்த உத்தியோகத்தரின் சம்பளத்தில் இரண்டு மாதம் வெட்டினார்கள். வெட்டலாம் என்று அவர் ஒப்புக்கொண்ட ஒரு துண்டுக் கடதாசிகூட அங்கே இருக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். 'சிபாரிசு', 'அங்கீகாரம்' என்று தனிச் சொற்களை மட்டும் போட்டுக் கட்டம் அடிக்காதீர்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே, அந்த ஆள் எதை உறுதிப்படுத்துகிறார் என்பதை அவரே சொல்கிற மாதிரி ஒரு முழு வசனமாக அச்சிடுங்கள். நிலைகள் தெளிவாவது அதனால்தான். தொகை வரம்பு அதற்கு அடுத்தது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. இலங்கை அரசின் நிதிப் பிரமாணங்களில் 136 முதல் 139 வரை பாருங்கள்: அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு செய்தல் என்று நான்கு வேலைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ வேலை செய்தவர்களுக்கு இது பழக்கம். தொண்டு நிறுவனத்துக்கு அந்தப் பிரமாணங்கள் கட்டாயமில்லை. ஆனால் செலவுக்கு 'சரி' என்று சொல்கிறவர், கணக்கைச் சரிபார்க்கிறவர், காசைக் கையில் கொடுக்கிறவர் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது 22 பேர் உள்ள இடத்துக்கும் பொருந்தும்.

சரி, தாளுக்கு வருவோம். ஒரே ஒரு ஏ4 தாள் போதும். முன்பக்கம் முற்பணம், பின்பக்கம் தீர்வு. இரண்டையும் தனித்தனித் தாளாக வைத்தால் தீர்வுத் தாள் எப்போதும் தொலையும். முற்பணம் மட்டும் கோப்பில் அநாதையாகக் கிடக்கும். தாளின் வலது மேல் மூலையில் தொடர் இலக்கம் அச்சிலேயே இருக்கட்டும். கையால் எழுதும் இலக்கம் இரண்டு படிவத்துக்கு ஒன்றாகிவிடும்.

முன்பக்கத்தில் முதல் பகுதியைப் பயணி நிரப்புகிறார். பெயர், பதவி, எங்கிருந்து எங்கே, புறப்படும் திகதியும் நேரமும், திரும்பும் திகதியும் நேரமும். நேரத்தை விடாதீர்கள். இரவு 8 மணிக்கு பஸ் ஏறுகிறவருக்கு அந்த நாள் முழுவதுக்கும் படி உண்டா, பாதியா என்ற சண்டை நேரம் எழுதாததால்தான் வருகிறது. நோக்கத்துக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். ஒரு வரி மட்டும் கொடுத்தால் 'கூட்டம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

அதன் கீழே செலவு மதிப்பீட்டு அட்டவணை. போக்குவரத்து, உள்ளூர்ப் போக்குவரத்து, தங்குமிடம், நாட்படி என்று நான்கு வரிகளே போதும். ஒவ்வொன்றுக்கும் 'எத்தனை', 'ஒன்றுக்கு எவ்வளவு', 'மொத்தம்' என்று மூன்று நிரல். ஐந்தாவதாக நிறையப் பேர் மறந்துவிடும் ஒரு வரி: 'கழிக்க: ஏற்பாட்டாளர் தருவது'. பயிற்சியில் மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்றால் அது நாட்படியிலிருந்து இங்கேயே கழிய வேண்டும். பயணம் முடிந்த பிறகு கழித்தால் அது பயணிக்குத் தண்டனை மாதிரித் தெரியும்.

பயணி கையெழுத்து வைக்கும் வசனத்தை நான் இப்படி எழுதுவேன்:

"மேற்படி பயணத்துக்காக ரூபா ………… (எழுத்தில் …………………) முற்பணமாகக் கேட்கிறேன். முன்பு நான் பெற்ற முற்பணம் எதுவும் தீர்க்கப்படாமல் இல்லை / படிவ இலக்கம் ……… தீர்க்கப்படாமல் உள்ளது. (பொருந்தாததை வெட்டவும்.) பயணம் முடிந்து வேலை நாட்கள் 7 இற்குள் கணக்கைத் தீர்ப்பேன். தீர்க்காவிட்டால், எனக்கு முதலில் எழுத்தில் அறிவித்த பின், மீதித் தொகையை என் சம்பளத்திலிருந்து மாதம் ரூபா ………… இற்கு மேற்படாத தவணைகளில் கழிக்கச் சம்மதிக்கிறேன்."

கடைசி வசனத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சம்பளத்தில் கழிப்பதற்கு எல்லை போடுகிறது. நிறுவனம் நினைத்தபடி வெட்ட முடியாது. அதனால் சம்மதம் எழுத்தில், முற்பணம் கொடுப்பதற்கு முன்பே, பயணியின் கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதோடு 'முதலில் எழுத்தில் அறிவித்த பின்' என்பதையும் 'தவணை' என்பதையும் எடுத்துவிடாதீர்கள். அவை ஊழியருக்கான பாதுகாப்பு. ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போய்விடுமோ என்ற பயத்தில் பயணத்துக்கே போகாமல் தவிர்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கட்டம் நேரடி மேற்பார்வையாளருக்கு:

"இப்பயணம் இவரது வேலைக்குத் தேவையானது, இந்தத் திகதிகளில் இவர் போகலாம், இந்த நாட்களின் எண்ணிக்கை பொருத்தமானது என்பதை உறுதிப்படுத்துகிறேன்."

இதில் காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் காசுக்குப் பொறுப்பில்லை. பயணத்துக்கும் நாளுக்கும்தான் பொறுப்பு.

மூன்றாவது கட்டம் கணக்குப் பகுதிக்கு. இங்கேதான் பலர் வரிசையைக் குழப்புகிறார்கள். அனுமதிக்கிறவர் வைத்த பிறகு கணக்குப் பகுதிக்கு அனுப்புவார்கள். அப்படிச் செய்தால் கணக்காளருக்கு 'இல்லை' என்று சொல்லத் தைரியம் வராது. பணிப்பாளர் வைத்த பிறகு எந்தக் கணக்காளர் திருப்பி அனுப்புவார்? ஆகவே கணக்குப் பகுதி முதலில், அனுமதி பிறகு. வசனம் இது:

"கணக்கீட்டைச் சரிபார்த்தேன். செலவுத் தலைப்பு ……… இல் ரூபா ……… மீதி உள்ளது. இவரது பெயரில் தீர்க்கப்படாத முற்பணம்: இல்லை / ரூபா ……… (படிவ இலக்கம் ………). மொத்தத் தொகையின்படி இப்படிவம் அனுமதி நிலை ……… இற்கு உரியது."

பயணி முதல் பகுதியில் சொன்ன பழைய முற்பணத்தைக் கணக்காளர் தன் பதிவேட்டைப் பார்த்து மறுபடியும் எழுதுகிறார். இரண்டும் பொருந்தாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். எந்த நிலை என்பதையும் அவர்தான் எழுத வேண்டும். பயணியை எழுத விட்டால் தனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறவரிடமே கொண்டுபோவார்.

நான்காவது கட்டம் அனுமதி. வரம்புகளைப் படிவத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிடுங்கள். 'நிதிக் கொள்கையைப் பார்க்கவும்' என்று போட்டால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் அளவுக்கு மூன்று நிலை போதும். தொகையை உங்கள் நிர்வாக சபைதான் தீர்மானிக்க வேண்டும். நான் உதாரணத்துக்கு எழுதுகிறேன்:

நிலை 1: ரூபா 15,000 வரை. பிரிவுத் தலைவர்.
நிலை 2: ரூபா 15,001 முதல் 50,000 வரை. நிகழ்ச்சித்திட்ட முகாமையாளர்.
நிலை 3: ரூபா 50,000 இற்கு மேல். பணிப்பாளரும் பொருளாளரும் சேர்ந்து.

இதன் கீழே மூன்று விதி அச்சாக வேண்டும். "தொகை என்பது ஒரு பயணத்துக்கான மொத்தத் தொகை, படிவங்களின் எண்ணிக்கை கணக்கில் இல்லை." "தனது சொந்தப் பயணத்துக்கு எவரும் அனுமதி வழங்க முடியாது. அடுத்த நிலை வழங்கும். பணிப்பாளரின் பயணத்துக்குத் தலைவர் வழங்குவார்." "ஒருவர் ஒரே படிவத்தின் முதல் நான்கு கட்டங்களில் இரண்டில் கையெழுத்திட முடியாது."

முதலாவது ஏன் என்றால், 28,000 ரூபா வேண்டுகிறவர் 14,000, 14,000 என்று இரண்டு படிவம் போட்டுப் பிரிவுத் தலைவரிடமே முடித்துக்கொள்வார். எப்போதும் கெட்ட எண்ணத்தால் இல்லை. முகாமையாளர் கிளிநொச்சியில், இவர் ஒட்டுசுட்டானில், நாளைக் காலை பஸ். அவசரத்தில் செய்வதுதான். கண்டுபிடிப்பது சுகம்: ஒரே ஆள், ஒரே வாரம், ஒரே ஊர், அடுத்தடுத்த இலக்கம். நடுவில் தொகை கூடினால் புதுப் படிவம் வேண்டாம். அதே இலக்கத்துக்கு 'மேலதிகம்' என்று ஒரு வரி வையுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் நிலையைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது விதி சின்ன அலுவலகத்தில் சிக்கலாகும். பிரிவுத் தலைவரே மேற்பார்வையாளராகவும் இருப்பார். நிலை 1 படிவம் என்றால் இரண்டு கட்டமும் அவருடையதாகிவிடும். அப்போது அனுமதியை அடுத்த நிலைக்கு ஏற்றுங்கள். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் வேறு வழியில்லை.

அனுமதி வசனம் குறுகலாக இருக்கட்டும்: "மேலே உள்ள இரண்டு உறுதிப்படுத்தல்களையும் வாசித்தேன். ரூபா ………… (எழுத்தில் …………………) முற்பணமாகக் கொடுக்க அனுமதிக்கிறேன் / அனுமதிக்கவில்லை. காரணம்: …………" தொகையை அவர் கையால் எழுத வேண்டும், கேட்டதை விடக் குறைத்துக் கொடுக்கலாம் என்பது அப்போதுதான் அவருக்கே நினைவு வரும். 'அனுமதிக்கவில்லை' என்ற சொல்லும் அச்சில் இருக்கட்டும். மறுக்க இடமில்லாத படிவத்தில் மறுப்பு வாய்வார்த்தையாகப் போய்விடும், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

எல்லாக் கட்டத்திலும் பெயர், பதவி, கையொப்பம், திகதி. கையொப்பத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் உயரமாவது விடுங்கள். நெருக்கமான கோட்டில் ஒருவர் கையெழுத்து மற்றவர் கட்டத்துக்குள் போய்விடும். 'பார்த்தேன்', 'ஆட்சேபணை இல்லை', 'உரிய நடவடிக்கைக்கு' ஆகிய சொற்கள் எங்கேயும் வேண்டாம். அவை பொறுப்பை அடுத்தவர் மேசைக்குத் தள்ளுகிற சொற்கள்.

உங்கள் இடத்துக்கென்று ஒரு விஷயம். பரந்தன் வீதியால் படிவம் கிளிநொச்சிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள். அதனால் 'புறப்படுவதற்கு 3 வேலை நாட்களுக்கு முன் ஒப்படைக்கவும்' என்று தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். அவசரம் வந்தால் முகாமையாளர் கைபேசியில் செய்தி அனுப்பி அனுமதிக்கட்டும். அதற்கும் படிவத்தில் இடம் வேண்டும்: "செய்தி மூலம் அனுமதி கிடைத்த திகதி, நேரம் ………, செய்தியைப் பார்த்தவர் ………, அசல் கையொப்பம் 5 வேலை நாட்களுக்குள்." செய்தியை அச்செடுத்துப் பின்னால் குத்துங்கள். முகாமையாளர் விடுமுறையில் இருந்தால் 'பதிலாக' என்று யாரும் கிறுக்கிவிட்டுப் போகக்கூடாது; பதில் கடமைக்கு நியமித்த கடிதத்தின் திகதியை அந்தக் கட்டத்தில் எழுத ஒரு சிறு கோடு போடுங்கள்.

இப்போது ஒரு படிவத்தை நிரப்பிப் பார்ப்போம். உங்கள் புதுக்குடியிருப்பு அலுவலகத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறார். இரண்டு இரவு தங்கல். விலைகள் என் உதாரணம்தான், உங்கள் நடப்பு விலையைப் போடுங்கள். பஸ் போக வர 2,000 வீதம் 4,000. கொழும்பில் முச்சக்கர வண்டி நான்கு தடவை, 600 வீதம் 2,400. தங்குமிடம் இரண்டு இரவு, 6,000 வீதம் 12,000. நாட்படி மூன்று நாள், 2,500 வீதம் 7,500. கூட்டினால் 25,900. மூன்று நாளும் மதியச் சாப்பாடு ஏற்பாட்டாளர் தருகிறார். நாட்படியில் மதியத்துக்கு 800 என்று உங்கள் கொள்கை சொன்னால் 2,400 கழியும். கேட்கும் தொகை 23,500.

மேற்பார்வையாளர் மூன்று நாள் சரி என்கிறார். கணக்காளர் பதிவேட்டைத் திறக்கிறார். முன்பு வவுனியாவுக்குப் போன பயணத்தின் முற்பணத்தில் 1,200 இன்னும் தீர்க்கப்படவில்லை. பயணி 'இல்லை' என்ற பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டியிருக்கிறார். மறந்துதான் போனார். கணக்காளர் படிவத்தைத் திருப்பி அனுப்பாமல் தொகையையும் பழைய இலக்கத்தையும் எழுதி, 'நிலை 2' என்று குறித்து முகாமையாளருக்கு அனுப்புகிறார். முகாமையாளருக்கு முன்னால் இப்போது முழுப் படமும் இருக்கிறது. 1,200 ஐக் கட்டிவிட்டு வரச் சொல்லலாம், அல்லது புதியதில் 22,300 மட்டும் அனுமதித்துப் பழையதைச் சேர்த்துத் தீர்க்கச் சொல்லலாம். இந்த உதாரணத்தில் பயணி அன்றே 1,200 ஐக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கிறார். 23,500 முழுவதும் அனுமதியாகிறது. முன்பு நான் சொன்ன இடத்தில் பணிப்பாளருக்குக் கிடைக்காமல் போன தகவல் இதுதான்.

ஐந்தாவது கட்டம் கொடுப்பனவு. வங்கிக் கணக்குக்கு மாற்றினால் மாற்றல் இலக்கம், காசாகக் கொடுத்தால் பெற்றவரின் கையொப்பம். கொடுப்பவரின் வசனம்: "அனுமதிக்கப்பட்ட தொகையை மட்டும் கொடுத்தேன்." உங்களிடம் கணக்காளர் ஒருவர்தான் இருந்து அவரே சரிபார்த்து அவரே கொடுக்க வேண்டி வந்தால், காசைத் தவிர்த்து இரண்டு கையொப்பக் காசோலையிலோ வங்கி மாற்றலிலோ கொடுங்கள்.

தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் அதே ஐந்து வரி அட்டவணை, ஆனால் 'மதிப்பீடு', 'உண்மைச் செலவு', 'பற்றுச்சீட்டு இலக்கம்' என்று. நம் ஆள் திரும்பி வந்து எழுதுகிறார்: பஸ் 4,000, முச்சக்கர வண்டி 1,800, தங்குமிடம் 11,000, நாட்படி கழிவு போக 5,100. மொத்தம் 21,900. திருப்பித் தர வேண்டியது 1,600. அதைக் கட்டிய பற்றுச்சீட்டின் இலக்கம் இங்கே ஏறினால்தான் முற்பணம் தீர்ந்தது. அதுவரைக்கும் கணக்காளரின் பதிவேட்டில் அது திறந்தே இருக்கும்.

நாட்படிக்குப் பற்றுச்சீட்டு கேட்காதீர்கள். அது நிலையான தொகை. சாப்பாட்டுக் கடையில் சீட்டு வாங்கி வரச் சொன்னால் பொய்ச் சீட்டுத்தான் வரும். தங்குமிடத்துக்குக் கட்டாயம் வேண்டும். தனியார் பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் எப்போதும் சீட்டு கிடைப்பதில்லை, அது அவர் குற்றமில்லை. அதற்கு ஒரு சின்னப் பகுதி: "பற்றுச்சீட்டுப் பெற முடியாத செலவு: திகதி, எங்கிருந்து எங்கே, தொகை. இத்தொகையை நான் உண்மையாகவே செலவு செய்தேன் என உறுதியளிக்கிறேன்." இதற்கு ஒரு பயணத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். முச்சக்கர வண்டிச் செலவு 1,800 இங்கே வருகிறது.

தீர்வின் அடியில் இரண்டே கையொப்பம்: பயணி, கணக்காளர். உண்மைச் செலவு அனுமதித்ததைத் தாண்டினால் மட்டும் முன்பக்கம் அனுமதித்தவரிடம் மறுபடியும் போகும். தீர்வுக்கும் நாலு பேர் கையெழுத்து என்று வைத்தால் அது மேசை மேசையாகக் கிடந்து, 7 நாள் 40 நாளாகி, பழி பயணி மேல் விழும்.

அப்புறம், பயணம் நடக்காமல் போனால் என்ன என்பதையும் எழுதுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கிப் பயணம் நிற்பது நம் பக்கத்தில் வழமை. "பயணம் ரத்தானால் 2 வேலை நாட்களுக்குள் முழுத்தொகையையும் திருப்பித் தருவேன்" என்ற வரி பின்பக்கத்தின் முதல் வரியாக, ஒரு சதுரக் கட்டத்தோடு இருக்கட்டும். கட்டத்தில் சரி அடையாளம் போட்டால் அட்டவணையை நிரப்பத் தேவையில்லை.

அச்சுக்குக் கொடுக்க முதல் போன வருடக் கடிதங்களில் ஐந்தை எடுத்து இந்தத் தாளில் நிரப்பிப் பாருங்கள். ஒன்று பணிப்பாளரின் பயணமாக இருக்கட்டும், ஒன்று நடுவில் தொகை கூடியதாக, ஒன்று ரத்தானதாக. பென்சிலால் நிரப்புங்கள். எந்தக் கட்டத்தில் கை நின்று யோசிக்கிறதோ அந்த வசனத்தைத் திருத்தி, பிறகு 100 தாள் அடியுங்கள். 1,000 அடிக்க வேண்டாம், ஆறு மாதத்தில் இரண்டு வரியாவது மாற்றுவீர்கள்.